நானோகுழாயின் (n, m) விதி பொய்ப்பதுபோல் தோன்றும் இடங்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய் ஒன்றின் குறியெண்கள் (n, m) தெரிந்தால், அது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்துமா, குறைகடத்தியாக இருக்குமா என்பதை ஒரே கழித்தலில் சொல்லிவிடலாம். n − m என்பது 3-ஆல் மீதியின்றி வகுபட்டால் உலோகம், இல்லாவிட்டால் குறைகடத்தி. மூன்று ஆய்வுக் குழுக்கள் 1992-இல் தனித்தனியே கணித்துச் சொன்ன இந்த விதியைக் கணினிக் கணக்கிலோ அளவீட்டிலோ பயன்படுத்துபவர்கள், ஒரு கட்டத்தில் முடிவு விதியோடு ஒத்துப்போகாமல் நிற்பதைக் காண்பார்கள். அப்போது எங்கே தேட வேண்டும் என்பதை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி இங்கே விளக்குகிறேன்.

அதற்கு முன் விதி எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது அவசியம், ஏனெனில் பிழைகள் பெரும்பாலும் அதன் அடித்தளத்திலேயே இருக்கின்றன. கிராஃபீன் தாளைச் சுருட்டும்போது எந்த இரு புள்ளிகள் ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதை C = n a1 + m a2 என்ற திசையன் சொல்கிறது; அதன் நீளமே குழாயின் சுற்றளவு. சுற்றளவைச் சுற்றி வரும் எலக்ட்ரான் அலை தன்னோடு தானே பொருந்த வேண்டும் என்பதால் k·C = 2πq என்ற நிபந்தனை பிறக்கிறது; q ஒரு முழு எண். ஆகவே கிராஃபீனின் k-வெளியில் அனுமதிக்கப்பட்ட நிலைகள் இணைகோடுகளாக நிற்கின்றன. கிராஃபீனில் ஆற்றல் இடைவெளி பூச்சியமாவது K, K′ என்ற மூலைப் புள்ளிகளில் மட்டுமே. K·C-யின் மதிப்பு 2π(n − m)/3 என்பதால், n − m மூன்றின் மடங்காக இருந்தால் மட்டுமே ஒரு கோடு K வழியாகச் செல்லும்.

இந்த வாதத்தில் சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனைகள் மூன்று உள்ளன: a1, a2 இரண்டுக்கும் இடையிலான கோணம் 60 பாகை, கணக்கு அந்த K புள்ளியை உண்மையிலேயே தொடுகிறது, சுருட்டிய பின்பும் எலக்ட்ரான் அமைப்பு தட்டையான தாளில் இருந்தபடியே இருக்கிறது. கீழே வரும் முதல் நான்கு அறிகுறிகளும் இவற்றில் ஏதோ ஒன்று முறிவதால் தோன்றுபவை. கடைசி இரண்டும், விதி சரியாக இருக்க, அளவீட்டைப் படிக்கும் விதத்தில் நேரும் பிழைகள்.

அறிகுறி 1: (10, 10) குழாய்க்கு ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி வருகிறது, விட்டமும் சிறியதாக இருக்கிறது

n = m ஆக உள்ள ஆர்ம்சேர் குழாய் எப்போதும் உலோகமாகவே இருக்க வேண்டும். அது குறைகடத்தியாக வந்தால், பட்டை அமைப்பைத் தொடுவதற்கு முன்பு அணுக்களின் ஆயத்தொலைகளைத் திறந்து குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். 60 பாகை முறையில் விட்டத்தின் வாய்பாடு d = (a/π)√(n² + nm + m²); இதில் a = 0.246 நானோமீட்டர். (10, 10)-க்கு இது 1.356 நானோமீட்டர். உங்கள் கட்டமைப்பில் 0.783 நானோமீட்டர் வருகிறது என்றால், நீங்கள் கேட்ட குழாயை நிரல் கட்டவில்லை. (10, 0) என்ற ஜிக்ஜாக் குழாயைக் கட்டியிருக்கிறது.

படிகவியல் சார்ந்த பல கோப்புகளில் அறுகோண அலகுக் கூட்டின் அடிப்படைத் திசையன்கள் 120 பாகையில் இருப்பதே இதற்குக் காரணம். அந்த முறையில் (n, m) என்று கொடுத்தால், அது 60 பாகை முறையில் (n − m, m) என்ற திசையனாகிறது. (10, 10) இதனால் (0, 10) ஆகிறது. அது (10, 0)-தான். நானோகுழாய் நூல்களில் உள்ள எண்களை 120 பாகை நிரலுக்குக் கொடுக்க வேண்டுமானால் (n + m, m) என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். உலோக நிபந்தனையும் அங்கே n + m மூன்றால் வகுபடுவதாக மாறிவிடும்.

இந்தக் குறிப்பிட்ட பிழை எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. வழக்கமாக நாம் முதலில் பார்ப்பது அலகுக் கூட்டில் எத்தனை அணுக்கள் என்பதைத்தான். (10, 10)-க்கும் (10, 0)-க்கும் அந்த எண்ணிக்கை ஒன்றே, 40. வேறுபடுவது அச்சு வழியிலான மீள்நீளம்: ஆர்ம்சேருக்கு 0.246, ஜிக்ஜாகுக்கு 0.426 நானோமீட்டர். ஆகவே அணு எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் விட்டத்தையும் மீள்நீளத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

அடிப்படைத் திசையன் எந்த முறையில் இருந்தாலும் மாறாத சோதனை ஒன்றும் இருக்கிறது. n² + nm + m² என்பதை (n − m)² + 3nm என்று எழுதலாம். எனவே இந்தக் கூட்டுத்தொகை, அதாவது சுற்றளவின் வர்க்கத்தை a²-ஆல் வகுத்த எண், 3-ஆல் வகுபட்டால் குழாய் உலோகம். மீதி 1 வந்தால் குறைகடத்தி. மீதி 2 வரவே வராது. சுற்றளவு என்பது உண்மையான நீளம் என்பதால் எந்த முறையில் கணக்கிட்டாலும் அது மாறாது. கட்டமைப்புக் கோப்பிலிருந்து விட்டத்தை அளந்து, (πd/a)² என்ற எண்ணைக் கண்டால், குறியெண்கள் தெரியாமலேயே விதியைச் சோதித்துவிடலாம். முன்சொன்ன தவறான குழாயில் இது 100, மீதி 1. நீங்கள் விரும்பிய குழாயில் 300; மீதி இல்லை.

அறிகுறி 2: வடிவம் சரி, விட்டம் சரி, ஆனாலும் ஆர்ம்சேர் குழாயில் இடைவெளி மறையவில்லை

இது k-புள்ளிக் கட்டத்தின் பிழை. ஆர்ம்சேர் குழாயில் பட்டைகள் வெட்டிக்கொள்வது மண்டலத்தின் மையத்தில் அல்ல, k = 2π/(3T) என்ற இடத்தில்; T என்பது அச்சு வழி மீள்நீளம். 2π/T-யை அலகாகக் கொண்டால் அது 1/3. மையத்தைச் சேர்த்துச் சம இடைவெளியில் 10 புள்ளிகள் எடுத்தால் அவை 0, 0.1, 0.2, 0.3, 0.4 என்று செல்லும். 1/3 அவற்றில் இல்லை.

பிழையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். π-எலக்ட்ரான்களை மட்டும் கொண்ட எளிய டைட்-பைண்டிங் மாதிரியில் ஆர்ம்சேர் குழாயின் வெட்டிக்கொள்ளும் பட்டைகள் E = ±γ|1 − 2cos(kT/2)| என்ற வடிவம் உடையவை; γ-வை 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்று கொள்வோம். 1/3-க்கு மிக அருகிலுள்ள புள்ளி 0.3. அங்கே kT/2 = 0.3π, அதன் கொசைன் 0.588, எனவே E = ±0.47 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 0.95 எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள ஒரு பொய்யான இடைவெளி. இது ஓர் உண்மையான குறைகடத்திக் குழாயின் இடைவெளிக்குச் சமமான அளவு என்பதால்தான் பலர் இதை நம்பிவிடுகிறார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையை 12 ஆக்குங்கள். 4/12 நேராக வெட்டுப்புள்ளியில் விழும், இடைவெளி உடனே மறையும். 10-ஐ 20 ஆகவும் 40 ஆகவும் கூட்டிக்கொண்டே போனால் இடைவெளி குறையுமே தவிர மறையாது. மையத்தை உள்ளடக்கிய, 3-இன் மடங்கான எண்ணிக்கையே தேவை. சில நிரல்கள் இரட்டைப்படை எண்ணிக்கைக்குக் கட்டத்தை அரைப் படி நகர்த்திவிடும். அப்படி நகர்ந்திருந்தால் 12-உம் பயன் தராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெட்டுப்புள்ளி எல்லா உலோகக் குழாய்களிலும் 1/3-இல் இருப்பதில்லை. (9, 0) போன்ற ஜிக்ஜாக் உலோகக் குழாயில் அது மையத்திலேயே இருக்கிறது. n, m இரண்டின் மீப்பெரு பொது வகுத்தியை, விட்டத்தோடு குழப்பாமல், இங்கே மட்டும் d என்றும், 2n + m, 2m + n ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி dR என்றும் கொண்டால், உலோகக் குழாயில் dR = d என வந்தால் வெட்டு மையத்தில்; dR = 3d என வந்தால் 1/3-இல். கீழேயுள்ள சிறு நிரல் விட்டம், மீள்நீளம், அணு எண்ணிக்கை, வெட்டுப்புள்ளி ஆகிய நான்கையும் தரும். குறைகடத்தி என்றால் கடைசி மதிப்பு None.

```python
from math import gcd, sqrt, pi

def tube(n, m, a=0.246):
    n, m = max(n, m), min(n, m)
    s = n*n + n*m + m*m
    d = gcd(n, m)
    dR = gcd(2*n + m, 2*m + n)
    k = None if s % 3 else (0 if dR == d else 1/3)
    return a*sqrt(s)/pi, a*sqrt(3*s)/dR, 4*s//dR, k
```

(7, 4)-ஐக் கொடுத்துப் பாருங்கள். s = 93, மூன்றால் வகுபடுகிறது; dR = 3, d = 1; எனவே வெட்டு 1/3-இல். மீள்நீளம் 1.37 நானோமீட்டர், அணுக்கள் 124. dR-க்குப் பதிலாக d-யை இட்டுவிட்டால் மீள்நீளமும் அணு எண்ணிக்கையும் மும்மடங்காகிவிடும்; அந்தக் கூடு தவறல்ல, ஆனால் தேவையற்ற பெருங்கூடு, அதில் வெட்டுப்புள்ளியும் மையத்துக்கு மடிந்து வந்துவிடும்.

அறிகுறி 3: n − m மூன்றால் வகுபடுகிறது, ஆனால் சில பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி அளவீட்டில் தெரிகிறது

இது பிழையன்று, விதியே தோராயமானது என்பதன் வெளிப்பாடு. என் கருத்தில் பாடநூல்கள் செய்யும் பெரிய அநியாயம், இந்த இரண்டாவது அடுக்கைச் சொல்லாமல் எல்லா 3-மடங்குக் குழாய்களையும் ஒரே சொல்லில் உலோகம் என்று முடித்துவிடுவதுதான்.

தாள் சுருளும்போது ஒவ்வொரு கார்பனின் π-சுற்றுப்பாதையும் வெளிநோக்கிச் சாய்கிறது. ஒரு அணுவைச் சுற்றியுள்ள மூன்று பிணைப்புகளின் மேற்பொருந்தல் இனிச் சமமாக இருப்பதில்லை. இதன் விளைவாகப் பட்டைகள் தொடும் புள்ளி K-யிலிருந்து சற்று நகர்கிறது. ஆர்ம்சேர் குழாயில் இந்த நகர்வு அனுமதிக்கப்பட்ட கோட்டின் வழியாகவே நிகழ்வதால் கோடு அப்புள்ளியைத் தவறவிடுவதில்லை, இடைவெளி திறப்பதில்லை. ஜிக்ஜாக் குழாயில் நகர்வு கோட்டுக்குச் செங்குத்தாக நிகழ்கிறது. கோடு அப்புள்ளியைத் தவறவிட்டு, ஒரு சிறு இடைவெளி திறக்கிறது. இடைப்பட்ட கோணங்களில் இடைவெளி cos 3θ/d² என்ற அளவில் மாறுகிறது. இங்கே θ என்பது ஜிக்ஜாக் திசையிலிருந்து அளக்கப்படும் கைரல் கோணம்.

2001-இல் ஹார்வர்டில் சார்ல்ஸ் லீபரின் குழு வருடு ஊடுருவல் நுண்ணோக்கியால் இதை நேரடியாக அளந்தது. (9, 0), (12, 0), (15, 0) ஆகிய மூன்றுக்கும் முறையே சுமார் 80, 42, 29 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கிடைத்தது. 1/d² விதி சரியா என்று நாமே பார்க்கலாம். விட்டம் n-க்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 80-ஐ 81/144-ஆல் பெருக்கினால் 45. 81/225-ஆல் பெருக்கினால் 28.8. அளந்த எண்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

இந்தச் சோதனையையே நோயறியும் கருவியாகவும் பயன்படுத்தலாம். முதன்மை இடைவெளி 1/d-ஆகக் குறையும்; வளைவால் வரும் இடைவெளி 1/d²-ஆகக் குறையும். ஏறத்தாழ ஒரே விட்டமுள்ள (10, 0)-க்கு எளிய மாதிரி 1 எலக்ட்ரான் வோல்ட் அளவில் சொல்லும்போது, (9, 0)-க்கு அளந்தது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. டிரான்சிஸ்டராக அமைத்த குழாயில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்: குறைகடத்திக் குழாயில் கேட் மின்னழுத்தத்தை மாற்றும்போது மின்னோட்டம் பல்லாயிரம் மடங்கு வீழ்ந்து அணைந்துவிடும், சிற்றிடைவெளிக் குழாயில் அறை வெப்பநிலையில் ஆழமற்ற ஒரு பள்ளம் மட்டும் தெரிந்து, குளிரூட்டினால் அது ஆழமாகும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால் (15, 0)-இன் இடைவெளி அங்கே ஏறக்குறைய மறைந்தே நிற்கும்.

உங்கள் கணக்கில் இந்த இடைவெளி வராமல் பூச்சியமாகவே இருந்தால், தட்டையான தாளின் பட்டைகளை வெட்டியெடுக்கும் மாதிரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். வளைந்த அமைப்பை முழுமையாகக் கணிக்கும் முறை தேவை. மாறாக, தனித்த ஆர்ம்சேர் குழாயில் இத்தகைய இடைவெளி வந்தால், வளைவைக் குறைகூற முடியாது. முறுக்கல் இருக்கிறதா, குழாய் கற்றைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே ஆர்ம்சேரைக் காக்கும் சமச்சீரைக் குலைப்பவை. அதே குழு கற்றைக்குள் இருந்த ஆர்ம்சேர் குழாய்களில் நிலையடர்த்தி தாழ்ந்திருப்பதைக் கண்டது, தனித்தவற்றில் காணவில்லை.

அறிகுறி 4: (5, 0) உலோகமாக வருகிறது

5 என்பது 3-இன் மடங்கல்ல. ஆனாலும் அடர்த்திச் சார்பியக் கணக்கு இதை உலோகம் என்றே சொல்லும். விட்டம் 0.39 நானோமீட்டர்தான். இவ்வளவு கடுமையான வளைவில் σ, π சுற்றுப்பாதைகள் கலந்து, π-மாதிரியில் இல்லாத ஒரு பட்டை கீழிறங்கி இடைவெளியை மூடிவிடுகிறது. நிரலைத் திருத்த முயல வேண்டாம். 0.5 நானோமீட்டருக்குக் குறைந்த விட்டத்தில் விதியையே நம்பக் கூடாது.

அறிகுறி 5: உலோகக் குழாயின் ஊடுருவல் நிறமாலையில் 1.7 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி தெரிகிறது

1998-இல் டெல்ஃப்ட், ஹார்வர்ட் குழுக்கள் விதியை முதன்முதலில் சோதனையால் உறுதிப்படுத்தியபோதே இந்த இரு வகை அகலங்களும் பதிவாகின: டெல்ஃப்ட் அளவீட்டில் ஒரு தொகுதி 0.5 முதல் 0.6 வரை, மற்றொன்று 1.7 முதல் 2.0 வரை. பெரிய எண்ணே உலோகத்துக்கு உரியது. எளிய மாதிரியில் குறைகடத்தியின் இடைவெளி 2γb/d, உலோகத்தில் முதல் இரு முகடுகளுக்கு இடையிலான தூரம் 6γb/d. இதில் b என்பது பிணைப்பு நீளம், 0.142 நானோமீட்டர். 1.4 நானோமீட்டர் விட்டத்துக்கு இவை 0.55, 1.64 என்று வருகின்றன. மும்மடங்கு அகலம் உலோகத்தின் அடையாளமே.

முகடுகளுக்கு நடுவே வேற்றுமைக் கடத்துதிறன் உண்மையிலேயே பூச்சியத்துக்கு இறங்குகிறதா, தாழ்ந்த சமதளமாக நிற்கிறதா என்பதை மடக்கை அளவுகோலில் பாருங்கள். சமதளம் இருந்தால் உலோகம். முகடுகள் பூச்சிய மின்னழுத்தத்துக்கு இருபுறமும் சமமாக இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. தங்கத் தளத்துக்கும் குழாய்க்கும் இடையே மின்சுமை பரிமாறப்படுவதால் முழு வடிவமும் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும்.

அறிகுறி 6: விட்டம் சரியாகப் பொருந்துகிறது, ஒளிர்வு நிறமாலை பொருந்தவில்லை

(6, 5), (9, 1) இரண்டுக்கும் n² + nm + m² = 91. விட்டம் ஒன்றே, 0.747 நானோமீட்டர், இரண்டும் குறைகடத்திகள். ராமன் நிறமாலையின் ஆர மூச்சு அதிர்வை வைத்து விட்டத்தைக் கணிக்கும் வாய்பாடு இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தரும் என்பதால் அதை மட்டும் கொண்டு பிரிக்க இயலாது. ஆனால் நீரில் கரைத்த நிலையில் (6, 5) சுமார் 566 நானோமீட்டர் ஒளியை உட்கொண்டு 976 நானோமீட்டரில் ஒளிரும். (9, 1) சுமார் 691-இல் உட்கொண்டு 912-இல் ஒளிரும். இரு அலைநீளங்களின் விகிதம் முன்னதில் 1.72, பின்னதில் 1.32.

இந்த வேறுபாட்டைத் தருவது n − m-ஐ மூன்றால் வகுக்கும்போது வரும் மீதி. (6, 5)-க்கு அது 1, (9, 1)-க்கு 2. மீதி எதுவோ அதற்கேற்ப மிக அருகிலுள்ள அனுமதிக் கோடு K-யின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுகிறது; K-யைச் சுற்றிய ஆற்றல் பரப்பு முக்கோணமாகச் சிதைந்திருப்பதால் இரு பக்கங்களும் சமமல்ல. இந்த விளைவு ஜிக்ஜாகுக்கு அருகில் வலுவாகவும் ஆர்ம்சேருக்கு அருகில் மெலிந்தும் இருக்கும். (9, 1)-இன் கைரல் கோணம் 5.2 பாகை, (6, 5)-க்கு 27. விகிதம் பெரிதும் விலகியிருப்பது (9, 1)-இல்தான் என்பது இதனோடு பொருந்துகிறது.

எல்லாக் குழாய்களுக்கும் இரு வகைகளும் இடம் மாறி நிற்பதாகத் தெரிந்தால், ஒப்பிடும் அட்டவணை மீதியை n − m-இலிருந்து எடுக்கிறதா, 2n + m-இலிருந்து எடுக்கிறதா என்று பாருங்கள். 2n + m = 3n − (n − m) என்பதால் 1-உம் 2-உம் தலைகீழாகும்; (6, 5)-க்கு 2n + m = 17, மீதி 2. உலோகமா இல்லையா என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே விடை தருவதால் இந்தக் குழப்பம் அதுவரை வெளிப்படாமலே இருந்திருக்கும். சில குழாய்கள் மட்டும் தவறினால், உள்ளீட்டில் m பெரிதாக உள்ளவற்றைத் தேடுங்கள்: (5, 6) என்பது (6, 5)-இன் கண்ணாடிப் பிம்பம், ஒளியியல் ஆற்றல்கள் அதேதான்; ஆனால் n − m = −1. பைத்தானில் −1 % 3 என்பது 2; C மொழியில் −1. முன்னதில் குழாய் தவறான வகைக்குள் போகும், பின்னதில் எந்த வகைக்குள்ளும் போகாது. மீதியைக் காணும் முன் n ≥ m ஆகும்படி இடம் மாற்றிவிட்டால் இரு மொழிகளிலும் சிக்கல் தீரும்.